‘மாதொருபாகன்’ நாவலைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. அதைக் கையில் எடுக்கும் பலரும் தலைப்பிலேயே விடையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மாதொருபாகன் என்றால் திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கும் அர்த்தநாரீசுவரர். அப்படியானால் நாவலின் கணவன் காளி சிவன், மனைவி பொன்னா பார்வதி, பிள்ளையில்லாத இந்த இருவரும் ஊரார் பிரித்துவிட்ட ஓருடல். இப்படி ஆளுக்கொரு தெய்வத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சக் கதையை எல்லாம் அதற்குள் திணிப்பதுதான் முதல் தவறு.

இந்தக் கணக்கு உதைப்பது அந்தக் கோயில் தேர்த்திருவிழாவான தேர்நோம்பியின் பதினான்காம் நாள் இரவில். நாவலின்படி பிள்ளையில்லாத பெண் அந்த இரவில் அந்நிய ஆணோடு கூடிப் பிள்ளை வரம் பெறலாம்; அங்கே வரும் ஆண்கள் எல்லாரும் சாமி. பொன்னா கூட்டத்துக்குள் தன் சாமியைத் தேடுகிறாள். காளிதான் சிவன் என்றால் அவள் கண்டடையும் அந்நியன் யார்? அந்நியன்தான் சிவன் என்றால் காளிக்கு என்ன இடம்? நாவல் பதில் சொல்வதில்லை. ஒரே குறியீட்டுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடும்போது ஒருவரைத் தள்ளிவிட அவசரப்படக் கூடாது. அதே இரவு யார் கண்ணுக்கு என்னவாகத் தெரிகிறது என்று பாருங்கள். பொன்னாவுக்கு அது தெய்வம் தரும் வரம், வீட்டாருக்குப் பரிகாரம், காளிக்கு துரோகம். மூன்றையும் நாவல் ஒரே அக்கறையோடு எழுதுகிறது.

காளி என்பது அம்மன் பெயராயிற்றே, ஆணுக்கு வைத்ததில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. எங்கள் பக்கம் காளியப்பனும் காளியண்ணனும் தெருவுக்குத் தெரு உண்டு. ரசிக்கலாம்தான்; ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு விளக்கத்தைக் கட்டினால் நிற்காது.

அடுத்த தவறு, தலபுராணத்தை ஒற்றைச் சாவியாக்குவது. அர்த்தநாரி உருவம் எப்படி வந்தது என்பதற்குக் கதை ஒன்றல்ல. பிருங்கி முனிவர் அம்மையை விட்டுவிட்டு அப்பனை மட்டும் வண்டாக மாறிச் சுற்றி வந்தார், அவளைப் பிரிக்க முடியாது என்று காட்டவே இந்த உருவம் என்பது ஒன்று. அம்மை தவமிருந்து இடப்பாகத்தைப் பெற்றாள் என்பது இன்னொன்று. பிருங்கி கதையை நாவலுக்குப் பக்கத்தில் வைத்தால், காளிக்கு வேறு பெண் கட்டிவைக்கலாம் என்று பேசுகிறவர்கள் கண்ணில் படுகிறார்கள்; பொன்னாவை விலக்கிவிட்டு அவனை மட்டும் காண்பவர்கள் அவர்கள். தவக் கதையை வைத்தால், பிள்ளை வரம் வேண்டி மலை உச்சியில் வறடிக்கல்லைச் சுற்றும் பொன்னா முன்னால் வருகிறாள். ஒன்று காட்டுவதை மற்றது காட்டுவதில்லை. எந்தப் புராணக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறோம் என்பதே தெரியாமல் படிப்பதால்தான் சிக்கல்.

போதாததற்கு நாவலுக்குள் பாவாத்தா என்ற காட்டுத் தெய்வமும் இருக்கிறாள். காளியின் முன்னோர் செய்த பாவமும் அதனால் வந்த சாபமும் அவளோடு சேர்ந்தவை. பெரிய கோயில் சாமியை மட்டும் வைத்து விளக்கம் எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுத் தாண்டிவிடுகிறார்கள். உங்கள் விளக்கம் எந்தப் பக்கங்களைத் தாண்டச் சொல்கிறதோ அங்கேதான் அது பலவீனமானது. படித்து முடித்ததும் அந்தப் பக்கங்களுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

நாவலைக் கோயிலின் வரலாற்று ஆவணமாகப் படிப்பதும் உண்டு. கோயிலையும் ஊரையும் இழிவுபடுத்துகிறது என்று 2014 இறுதியில் கிளம்பிய எதிர்ப்பும், நாவலைத் தடை செய்ய மறுத்து 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பும் தெரிந்தவைதான். அந்த வழக்கு நாவலைச் சுற்றி நடந்தது. அதில் எந்தப் பக்கம் நின்றாலும் பதினான்காம் இரவின் பொருள் அதிலிருந்து கிடைத்துவிடாது.

‘பல பொருள் உண்டு’ என்றதும் எதையும் சொல்லலாம் என்று கிளம்பிவிடுவது எதிர்ப்பக்கத் தவறு. பொன்னா தெரிந்தே கணவனை ஏமாற்றினாள், அது மாயையின் உருவகம் என்று ஒரு விளக்கம் சொன்னால் அது நிற்காது. பதினான்காம் இரவுக்குப் போவாயா என்று காளி முன்பு கேட்டபோது, நீ சொன்னால் போகிறேன் என்கிறாள்; அந்தப் பதிலே அவனைப் புண்படுத்துகிறது. பிறகு அவன் ஒத்துக்கொண்டான் என்று சொல்லித்தான் அவளை அழைத்துப்போகிறார்கள். அதே இரவில் அவள் அண்ணன் முத்து காளியைக் குடிக்கக் கூட்டிப்போய்விடுகிறான். அவள் அறியாத ஒன்றுக்கு அவளைப் பொறுப்பாக்கும் விளக்கத்தை நாவலின் நிகழ்ச்சிகளே மறுக்கின்றன.

முடிவிலும் இதே கவனம் வேண்டும். காளி பூவரச மரத்தடியில் இருப்பதோடு நாவல் நின்றுவிடுகிறது. அவன் செத்தானா, பிழைத்தானா? ஆசிரியர் பின்னால் இரண்டு தொடர்ச்சிகள் எழுதினார். ‘ஆலவாயன்’ நாவலில் காளி இறந்துவிட்டான், பொன்னா தனித்து வாழ்கிறாள். ‘அர்த்தநாரி’யில் அவன் உயிரோடு இருக்கிறான், அவளோடு பேசுவதில்லை. இதில் எது அசல் முடிவு என்று கேட்டு ஒன்றை மட்டும் வாங்கிப் படிக்கிறவர்களைப் பார்க்கிறேன். இரண்டையும் படியுங்கள், எந்த வரிசையில் வேண்டுமானாலும்.