ஒரே தளத்துக்குள் தேடுவது எப்படி? சொன்ன சொல்லை அப்படியே தேடுவது எப்படி?

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும், வீடு மதுரையில் என்று வைத்துக்கொள்வோம். கூகுளில் வெறுமனே தேடினால் யூடியூப் வீடியோக்களும் யாரோ எழுதிய பழைய செய்திகளும்தான் முன்னால் வந்து நிற்கும். நமக்கு வேண்டியது மாவட்ட நிர்வாகத்தின் தளம் சொல்வது மட்டும்.

முதலில் தளத்தைக் குறுக்குவோம்:

```
site:madurai.nic.in முதியோர்
```

முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடக் கூடாது. விட்டால் site என்பதும் சாதாரணச் சொல்லாகிவிடும். வேறு தளங்களும் கலந்து வரும். முடிவுகளின் மேலே தெரியும் முகவரிகளைப் பார்த்தாலே இது புரிந்துவிடும். தமிழ்ப் பக்கங்கள் மட்டும் போதுமென்றால் `site:madurai.nic.in/ta` என்று முகவரியை நீட்டலாம். தமிழக அரசுத் தளங்கள் பலவற்றையும் சேர்த்துத் தேட `site:tn.gov.in` போதும். அந்த முகவரியில் முடியும் துறைத் தளங்களும் அதில் அடங்கும்.

அடுத்தது மேற்கோள் குறி. அதற்குள் போட்ட சொற்கள் அதே வரிசையில், அதே வடிவில் வர வேண்டும்:

```
site:tn.gov.in "முதியோர் உதவித்தொகை"
```

தமிழில் தேடுகிறவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஒருவர் ‘உதவித்தொகை’ என்று சேர்த்து எழுதுவார், இன்னொருவர் ‘உதவித் தொகை’ என்று பிரித்து எழுதுவார். பக்கத்தில் ‘உதவித்தொகைக்கு’ என்று வேற்றுமை உருபு ஒட்டியிருந்தாலும் அது கைநழுவிப் போகலாம். அதனால் இரண்டு வடிவத்தையும் கொடுத்துவிடுங்கள். நடுவில் வரும் OR பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்:

```
site:tn.gov.in "உதவித்தொகை" OR "உதவித் தொகை"
```

அப்படியும் சரியாகக் கிடைக்கவில்லையா? நாம் பேசும் சொல்லும் அரசு எழுதும் சொல்லும் வேறாக இருக்கலாம். நாம் முதியோர் உதவித்தொகை என்பதன் கீழ் வரும் ஒரு திட்டத்துக்கு, இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் என்று பெயர். எனவே "முதியோர் ஓய்வூதிய" என்று, ‘ம்’, ‘த்’ வருவதற்கு முன்பே நிறுத்தித் தேடத் தோன்றும். அது வேண்டாம். மேற்கோளுக்குள் அரைச்சொல் செல்லாது. "முதியோர் ஓய்வூதியத் திட்டம்" என்று முழுதாகவே போடுங்கள்.

மேற்கோளுக்குள் போட்டது எங்குமே இல்லையென்றால், கூகுள் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு மேற்கோள் இல்லாத முடிவுகளைக் காட்டும். அந்த வரியைக் கவனிக்காமல் கீழே போய்விடாதீர்கள். பக்கத்தைத் திறந்ததும் கணினியில் Ctrl+F அழுத்தி அதே சொல்லைத் தேடிப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. பழைய அரசாணைகள் பல, தாளை ஸ்கேன் செய்த பிடிஎஃப்களாகவோ யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவிலோ இருக்கும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் தேடலில் அவை சிக்காமல் போகலாம். அப்போது திட்டத்தின் ஆங்கிலப் பெயரையோ அரசாணை எண்ணையோ மேற்கோளில் போட்டு, துறையின் பட்டியல் பக்கத்தைப் பிடித்து, அங்கிருந்து கோப்பைத் திறக்க வேண்டியதுதான்.