டயருக்குத் தனிக் கணக்கு

பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம், தென்காசிக்குச் சரக்கு கொண்டுபோகும் குட்டியானை எங்களுடையது. டீசலும் டிரைவர் சம்பளமும் மாசாமாசம் கண்ணில் படும். இன்சூரன்ஸும் டயரும்தான் திடீரென்று வந்து கையைக் கடிக்கும். இப்போது இன்சூரன்ஸை 12ஆல் வகுத்து மாதந்தோறும் எடுத்துவைக்கிறேன். டயருக்கு அது சரிவராது, ஓட்டம்தான் கணக்கு. நாலு டயர் 16,000 ரூபாய், 40,000 கி.மீ. உழைத்தால் கிலோமீட்டருக்கு 40 பைசா. 3,000 கி.மீ. ஓடிய மாதம் 1,200 ரூபாய் தனியாகப் போகும். ஆயில், சர்வீஸுக்கும் இதே வழி.

“அண்ணாச்சி, முன் டயர் உள்பக்கம் மட்டும் தேயுது” என்றார் டிரைவர். உடனே அலைன்மென்ட் பார்த்தோம். பாதி ஓட்டத்திலேயே டயர் போனால் 40 பைசா 80 ஆகிவிடுமே! இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. அதை டிரைவரே காலையில், டயர் சூடாகுமுன் பார்த்துவிடுகிறார்.