கடனை முன்கூட்டியே கட்டி முடிப்பதா, யூனிட் ட்ரஸ்ட்டில் போடுவதா: மூன்று எண்ணில் விடை

போன வருசம் என் சீட்டும் ஒரு நிலையான வைப்பும் அடுத்தடுத்து முதிர்ந்து கையில் எட்டு இலட்சம் சேர்ந்தது. அதே நேரம் வங்கியில் ஒரு தனிநபர் கடன் ஓடிக்கொண்டிருந்தது. பத்து இலட்சம், ஐந்து வருசம், 15% வட்டி, மாதம் 23,790 ரூபா. இருபத்துநான்கு தவணை கட்டியாயிற்று, முப்பத்தாறு மீதி.

மச்சான் ஒரு பக்கம் நின்றார். "வட்டியெல்லாம் முதல் ரெண்டு வருசத்தில எடுத்திட்டாங்கள். இனிக் கட்டி என்ன பிரயோசனம்? ஃபண்டில போடு." யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அண்ணையோ கடன் இருக்கிற வீட்டில் முதலீடு என்ற கதையே இருக்கக்கூடாது என்றார். இரண்டு பேருமே கணக்குப் பார்க்கவில்லை. நான் பார்த்த கணக்கை இங்கே எழுதுகிறேன். கடன் அட்டவணை எப்படி வேலை செய்யும் என்பது ஓரளவு தெரிந்தவர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். யூடியூப்பில் தமிழில் மியூச்சுவல் ஃபண்ட் என்று தேடினால் வருவது பெரும்பாலும் இந்தியக் கணக்கு. அவர்களுடைய 12%, அவர்களுடைய வரிச்சலுகை எதுவும் எங்களுக்குப் பொருந்தாது. இலங்கையில் அதற்குப் பெயர் யூனிட் ட்ரஸ்ட். அந்த வீடியோக்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

படி 1: தீர்வுத் தொகைக் கடிதம் எடுங்கள்

"இன்றைக்கு முழுதாகக் கட்டி முடித்தால் எவ்வளவு?" என்று வங்கியில் எழுத்தில் கேளுங்கள். எனக்கு வந்த கடிதத்தில் கடன் முதலின் மீதி 686,274, முன்கூட்டிக் கட்டுவதற்கான கட்டணம் 3% ஆக 20,588, மொத்தம் 706,862 என்று இருந்தது. கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும், கடன் ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கும். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், கடிதமே வேண்டும்.

அந்தக் கடிதத்தில் எந்தத் திகதி வரை செல்லும் என்று போட்டிருப்பார்கள். வட்டி நாள் கணக்கில் ஏறுகிறது. என் கடனில் ஒரு நாளைக்கு 282 ரூபா. பத்து நாள் பிந்தினால் 2,820 ரூபா கூடிவிடும்.

படி 2: மூன்று எண்ணை ஒரு சூத்திரத்தில் போடுங்கள்

மீதித் தவணை 36, தவணைக் காசு 23,790, தீர்வுத் தொகை 706,862. கூகிள் ஷீட்ஸைத் திறந்து ஒரு கட்டத்தில் இதை எழுதுங்கள்:

```
=(1+RATE(36,-23790,706862))^12-1
```

விடை 13.7%. கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கடனை இன்றைக்கு முடிப்பது வருசம் 13.7% உறுதியாகத் தருகிற ஒரு முதலீட்டுக்குச் சமம். கட்டணம் இல்லையென்றால் இதே கணக்கு 16.1% காட்டும். 15% கடன் மாதாமாதம் கூட்டிப் பார்க்கும்போது அவ்வளவு வரும். கட்டணம்தான் அதைக் கீழே இழுக்கிறது.

இரண்டு இடத்தில் பிழை வரும். தவணைக் காசுக்கு முன்னால் கழித்தல் குறி போடாவிட்டால் #NUM! என்று காட்டும். விடை வெறும் 14% என்று வந்தால் தசம இடங்களைக் கூட்டிப் பாருங்கள், திரை வட்டமாக்கிக் காட்டுகிறது.

நான் கூகிள் ஷீட்ஸைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போனிலேயே ஓடும், காசு வேண்டாம், கணக்கை நானே பார்க்கலாம். நிதி நிறுவனங்களின் இணையத்தளங்களில் இருக்கிற கடன் கணிப்பான்களை நான் பாவிப்பதில்லை. சிலவற்றில் வட்டி எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்றே எழுதியிருக்காது.

மச்சான் சொன்னதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. முதல் மாதம் என் தவணையில் 12,500 ரூபா வட்டி. இருபத்தைந்தாவது மாதம் 8,578 ரூபா. வட்டி குறைந்தது உண்மை. ஆனால் வட்டி வீதம் குறையவில்லை, முதல் குறைந்ததால் வட்டிக்காசு குறைந்தது. மீதி 686,274 ரூபாவுக்கு இன்னும் அதே 15%தான் ஓடுகிறது. மிச்சமிருந்த முப்பத்தாறு மாதத்தில் நான் கட்ட இருந்த வட்டி 170,166 ரூபா. கட்டிய வட்டி கட்டியாயிற்று. அது இன்றைய முடிவுக்குள் வரவே கூடாது.

படி 3: ஃபண்டோடு ஒப்பிடுங்கள், ஆனால் நேர்மையாக

பலர் பிழை விடுவது இங்கேதான். "ஏழு இலட்சத்தை ஃபண்டில் போட்டால் மூன்று வருசத்தில் எட்டரை, ஒன்பது இலட்சமாகும். கடனை முடித்தால் ஒன்றரை இலட்சம்தான் மிச்சம்" என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கடனை முடித்தவருக்கு மாதம் 23,790 ரூபா கையில் நிற்கிறது. அந்தக் காசையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஃபண்ட் வருசம் 8% தருகிறது என்று வைப்போம். பணச்சந்தை ஃபண்டுக்கு அண்மைக் காலத்தில் அது நியாயமான கணக்கு.

கடனை முடிக்காமல் 706,862 ரூபாவை ஃபண்டில் போட்டு, தவணையைச் சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டே போனால், முப்பத்தாறாவது மாத முடிவில் கடனும் முடியும், ஃபண்டில் 890,400 ரூபா அளவு இருக்கும்.

கடனை முடித்துவிட்டு, அந்த 23,790 ரூபாவை மாதாமாதம் அதே ஃபண்டில் போட்டால், அதே நாளில் 960,300 ரூபா அளவு இருக்கும்.

வித்தியாசம் கிட்டத்தட்ட 70,000 ரூபா, முடித்தவர் பக்கம். ஃபண்ட் வருசம் 13.7% தந்தால் இரண்டும் சமம். அதைத்தான் சூத்திரம் ஒரே வரியில் சொன்னது. ஆனால் இந்த வித்தியாசம் கிடைக்க, முடித்த அடுத்த மாதமே நிலையான கட்டளை போட்டு அந்தத் தவணைக் காசை ஃபண்டுக்கு அனுப்ப வேண்டும். நான் சம்பளம் வரும் திகதிக்கு அடுத்த நாளுக்கு வைத்திருக்கிறேன்.

"பங்கு ஃபண்ட் 13.7 ஐத் தாண்டாதா?" தாண்டும், தாண்டின வருசங்கள் இருக்கின்றன. கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2021 முடிவில் 12,226 ஆக இருந்து 2022 முடிவில் 8,489 ஆனது. கிட்டத்தட்ட 30% வீழ்ச்சி. 2024 முடிவில் 15,900 ஐத் தாண்டியது. பத்து வருசம் பொறுக்கிறவருக்கு இது வேறு கதை. எனக்கு இருந்தது மூன்று வருசம். அதற்குள் கடன் 13.7% ஐ உறுதியாகத் தரும்போது, சந்தை அதைவிட நல்லாய்த் தரவேண்டும் என்று காத்திருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

உங்கள் கடன் மாறும் வட்டி என்றால் சூத்திர விடை இன்றைய தவணைக்கு மட்டும்தான். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. அப்போது மாறும் வட்டிக் கடன் வைத்திருந்தவர்களுக்கு முன்கூட்டி முடிப்பதன் பெறுமதியும் ஏறியது.

படி 4: முழுக் காசையும் கொட்டாதீர்கள்

எட்டு இலட்சத்தில் 706,862 போக எனக்கு 93,000 அளவு மிஞ்சியது. அதைப் பணச்சந்தை யூனிட் ட்ரஸ்ட்டில் வைத்தேன். கடனை முடித்த அடுத்த மாதம் ஆஸ்பத்திரிச் செலவு வந்து நகையை அடகு வைத்தால் மிச்சம் பிடித்த வட்டி அங்கே போய்விடும். மிஞ்சியது ஒரு மாதச் செலவுக்குக்கூடக் காணாது என்றால், முழுதாக முடிக்காமல் பகுதியாகக் கட்டுங்கள்.

படி 5: காசு கட்டும் நாள்

நான் சறுக்கியது இதில்தான், அதனால் விரிவாக எழுதுகிறேன். முந்தைய கடன் ஒன்றில் இரண்டு இலட்சம் பகுதியாகக் கட்டப் போனேன். அதுவும் 15%தான். காசாளரிடம் "லோனுக்கு" என்று சொல்லிக் கட்டிவிட்டு வந்தேன். பற்றுச்சீட்டும் தந்தார்கள். நான்கு மாதம் கழித்துக் கணக்கு அறிக்கையைப் பார்த்தால் முதல் மீதி பழைய வேகத்திலேயே இறங்கிக்கொண்டிருந்தது. காசு கடனுக்குப் போகவில்லை. தவணை கழிக்கும் சேமிப்புக் கணக்கில் கிடந்து, ஒவ்வொரு மாதமும் அதிலிருந்தே தவணை போயிருக்கிறது. இரண்டு இலட்சத்துக்கு மாதம் 2,500 ரூபா, நான்கு மாதத்தில் 10,000 ரூபா வட்டி வீணாய்ப் போனது.

ஆகவே காசாளரிடம் போக முன்னர் கடன் பிரிவில் ஒரு கடிதம் கொடுங்கள். கடன் கணக்கு இலக்கம், தொகை, "முதலுக்கு வரவு வைக்கவும்" என்ற சொல், பகுதியாகக் கட்டுவதானால் "தவணைக் காசு மாறாமல் காலத்தைக் குறைக்கவும்" என்ற சொல், எல்லாம் அதில் இருக்கட்டும். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். மறுநாளே முதல் மீதியைக் கேட்டுப் பாருங்கள். 706,862 கட்டியவருக்கு அது பூச்சியமாக இருக்கவேண்டும். அடுத்த மாதமும் தவணை கழிந்த குறுஞ்செய்தி வந்தால் உடனே போங்கள்.

பிற்சேர்க்கை, கேட்டவர்களுக்காக

லீசிங் கம்பெனியில் "9% தான்" என்று கடன் எடுத்த ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். அது சமவட்டி. ஐந்து இலட்சம், நான்கு வருசம், மாதம் 14,167 ரூபா. `=RATE(48,-14167,500000)*12` என்று போட்டால் 16% வருகிறது. முதல் குறைந்தாலும் முழு ஐந்து இலட்சத்துக்கும் வட்டி எடுப்பதால் இப்படி. அவர் உடனே முடிக்க ஓட வேண்டாம். மீதித் தவணை வட்டி முழுவதையும் கேட்கும் ஒப்பந்தமானால், இருபத்துநான்கு மாதம் மீதியிருக்க 340,000 ரூபாவையும் கட்டச் சொல்வார்கள். அதைச் சூத்திரத்தில் போட்டால் விடை பூச்சியம். அப்படியானால் கட்டாமல் ஃபண்டில் வைப்பதுதான் சரி. வட்டியில் கழிவு தந்தால் புதுத் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

அரச ஊழியர் ஒருவர் இடர் கடனைப் பற்றிக் கேட்டார். அதற்கு வட்டி 4.2%. அதை முன்கூட்டிக் கட்டாதீர்கள், ஐயா. அந்தக் காசைப் பணச்சந்தை யூனிட் ட்ரஸ்ட்டிலோ நிலையான வைப்பிலோ வையுங்கள்.

இன்னொருவர், கடனை முடித்து ஆறு மாதமாகியும் தனக்குப் பிணை நின்ற நண்பருக்குப் புதிய கடன் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். கடன் முடிந்ததற்கான கடிதத்தோடு பிணை நின்றவர்களை விடுவிக்கும் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து கடன் தகவல் பணியகத்தின் கிரிப் அறிக்கை எடுத்து, அந்தக் கடன் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகாவிட்டால் அந்தக் கடிதத்தின் பிரதியோடு வங்கிக்கே எழுதுங்கள், திருத்தி அனுப்ப வேண்டியவர்கள் அவர்கள்தான்.