பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்கக் கொடுக்கும் முன்: முத்திரை மறைக்காத தவறுகள்

வெளிநாட்டுப் படிப்புக்கோ குடியேற்றத்துக்கோ விண்ணப்பிப்பவர்கள் கொழும்பு புதுக்கடைப் பக்கம் மொழிபெயர்ப்புக்காக வரும்போது, விலையையும் முத்திரையையும் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். பெயர் எப்படி எழுதப்படும் என்று கேட்பவர்கள் குறைவு. கோப்பு சிக்குவதோ பெரும்பாலும் அங்கேதான்.

தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் பெயர் 'கணேசன்' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கடவுச்சீட்டில் அது Kanesan. கடவுச்சீட்டைப் பார்க்காத மொழிபெயர்ப்பாளர் தம் காதுக்குச் சரியாகப்பட்ட Ganeshan என்று எழுதிவிடுவார். நம் எழுத்தில் 'க' இரண்டு ஒலிக்கும் பொது. ஆகவே அவர் எழுதியதைப் பிழை என்று சொல்லவும் முடியாது. ஆனால் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு அது வேறொரு மனிதரின் பெயர். ஆதலால் மூலப் பத்திரத்தோடு, அதில் பெயர் வரும் ஒவ்வொருவரின் கடவுச்சீட்டுப் பிரதியையும் கொடுங்கள். கடவுச்சீட்டு இல்லாதவர்களின் பெயரை, ஏற்கெனவே ஆங்கிலத்தில் உள்ள ஏதாவது ஒரு பத்திரத்தில் இருக்கும்படி எழுதித் தாருங்கள். திகதியில் மாதத்தை இலக்கமாக விடாமல் பெயராக எழுதச் சொல்லுங்கள். 05.06 என்பதை ஒருவர் ஜூன் 5 என்றும் இன்னொருவர் மே 6 என்றும் வாசிப்பார்.

எழுத்துக்கூட்டல் ஒன்று, மூலத்திலேயே உள்ள வேறுபாடு முற்றிலும் வேறு. பிறப்புச் சான்றிதழில் தாயார் 'புவனேஸ்வரி', விவாகச் சான்றிதழில் 'புவனேஸ்' என்றிருந்தால், "இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிடுங்கள்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திடுவது, மூலத்தில் உள்ளதை உள்ளபடி தந்திருக்கிறேன் என்பதற்காக. மூலமும் மொழிபெயர்ப்பும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கப்படும். இல்லாத எழுத்து அங்கே முளைத்திருந்தால் சந்தேகம் கோப்பு முழுவதன் மீதும் விழும். இதற்குரிய வழி, பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் நடைமுறைப்படி மூலத்தைத் திருத்துவது. அதற்குக் காலம் போதாவிட்டால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து இணைக்கலாம். ஆனால் அதை ஏற்பதும் மறுப்பதும் விண்ணப்பத்தைப் பார்க்கும் அலுவலகத்தின் முடிவு.

அடுத்தது, பாதிப் பக்கத்தை மொழிபெயர்ப்பது. சான்றிதழின் கட்டங்களை நிரப்பிவிட்டால் வேலை முடிந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். ஓரத்தில் கையால் எழுதிய திருத்தக் குறிப்பு, பின்பக்கத்தில் 'உண்மைப் பிரதி' என்று அத்தாட்சிப்படுத்திய வாசகம், வட்ட முத்திரைக்குள் இருக்கும் சிங்கள எழுத்துகள் எல்லாமே பத்திரத்தின் பகுதிதான். கனடாவின் குடிவரவுத் திணைக்களம், ஆங்கிலமோ பிரெஞ்சோ அல்லாத முத்திரைகளும் மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. வாசிக்க முடியாத முத்திரை என்றால், வாசிக்க முடியவில்லை என்று அந்த இடத்தில் எழுதுவதே நேர்மை. ஊகித்து நிரப்பக் கூடாது. ஆகவே கைத்தொலைபேசியில் எடுத்த முன்பக்கப் படத்தை மட்டும் அனுப்பாமல் இரண்டு பக்கத்தையும் தெளிவாக ஸ்கேன் செய்து கொடுங்கள்.

முத்திரை விடயத்தில், எல்லா நாட்டுக்கும் ஒரே அச்சு என்ற நினைப்புத்தான் தவறு. பிரித்தானியாவுக்கு, மொழிபெயர்ப்பு மூலத்துக்குச் சரியானது என்ற உறுதிமொழியோடு திகதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விபரம் ஆகியவை வேண்டும். அவுஸ்திரேலியாவுக்கு வெளியே செய்த மொழிபெயர்ப்பில் மொழிபெயர்ப்பாளருடைய பெயர், முகவரி, தொலைபேசி எண், மொழித் தகுதியும் அனுபவமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். கனடாவுக்கு, தொழில்முறைச் சங்கத்தின் சான்று பெற்றவர் அல்லாத ஒருவர் மொழிபெயர்த்தால் அவருடைய சத்தியக்கடதாசியும் வேண்டும். குடும்பத்தவர் செய்த மொழிபெயர்ப்பை, அவர் சட்டத்தரணியாகவோ மொழிபெயர்ப்பாளராகவோ இருந்தாலும், கனடா ஏற்பதில்லை. பத்தரமுல்லையில் வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு இடும் அத்தாட்சி வேறு தேவைக்கானது. வளைகுடா நாடுகள் போன்றவை அதைக் கேட்கும்; கேட்காத நாட்டுக்காக அங்கே வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

பக்கக் கட்டணம் பேசும்போது 'பக்கம்' என்றால் எது என்று முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னுமாக உள்ள ஒரு பிறப்புச் சான்றிதழை மூலத்தின்படி எண்ணினால் இரண்டு பக்கம். அதையே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில், அகன்ற ஓரம் விட்டு, உறுதிமொழியைத் தனித்தாளில் அச்சிட்டால் நான்காகிவிடும். அப்போது குறைந்த பக்க விலை சொன்னவரிடமே கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள். உறுதிமொழித் தாள் கணக்கில் சேருமா, இரண்டாவது கையெழுத்துப் பிரதிக்கு எவ்வளவு, அவருடைய தட்டச்சுப் பிழையைத் திருத்தக் காசு உண்டா என்பதையும் கேட்டு, மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள். கையெழுத்திடும் முன் வரைவை அனுப்பச் சொல்லிப் பெயர், திகதி, பதிவு இலக்கம் மூன்றையும் நீங்களே மூலத்தோடு ஒப்பிடுங்கள். க.பொ.த. பெறுபேறுகளை மொழிபெயர்க்கவே கொடுக்காதீர்கள். பரீட்சைத் திணைக்களமே அவற்றை ஆங்கிலத்தில் வழங்குகிறது.