போர்டு பவுச்சோடு நீட் கேட்டுக்குப் போகாதீர்கள்

மார்ச் மாதம் பிளஸ் டூ தேர்வுக்கு வாங்கிய அதே பவுச்சை மே மாதம் நீட் தேர்வுக்கும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நாகர்கோவிலில் எந்தத் தேர்வு மையத்து வாசலிலும், எந்த வருடமும் காணக்கூடிய காட்சி இது. ஹால் டிக்கெட்டை மறக்காதே, செல்போன் கொண்டு போகாதே என்பதெல்லாம் வீட்டிலேயே பத்துத் தடவை சொல்லியாகிவிடும். அவை இங்கே தேவையில்லை. கண்ணாடி மாதிரித் தெரியும் பவுச், ஜாமெட்ரி பாக்ஸ், தண்ணீர் பாட்டில் ஆகிய மூன்று சாமான்களில் மட்டும் என்ன பிசகுகிறது என்று பார்ப்போம்.

ஒரே பவுச், எல்லாத் தேர்வுக்கும்

சிபிஎஸ்இ போர்டுத் தேர்வில் கொண்டுபோகலாம் என்று தரும் பட்டியலில் டிரான்ஸ்பரன்ட் பவுச் இருக்கிறது. ஜாமெட்ரி பாக்ஸ், நீல மைப் பேனா, ஸ்கேல், எழுதும் அட்டை, அழிரப்பர், முள் வாட்ச், டிரான்ஸ்பரன்ட் தண்ணீர் பாட்டில், ஏன், பஸ் பாஸும் காசும்கூட இருக்கின்றன. நீட் தேர்வின் தடைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஜாமெட்ரி பாக்ஸ், பிளாஸ்டிக் பவுச், பேனா, ஸ்கேல், அழிரப்பர், எழுதும் அட்டை என்று முன்னதில் அனுமதித்தவை வரிசையாக வந்து நிற்கும். இரண்டிலும் தப்பிப்பது தண்ணீர் பாட்டில் மட்டும்தான். நீட் எழுதப் பேனாவை மையத்திலேயே தருவார்கள். ஜேஇஇ மெயின் நடுவில் நிற்கிறது: உள்ளே மை தெரியும் சாதாரண பால் பாயின்ட் பேனா ஒன்று கொண்டுபோகலாம், பாக்ஸ் கூடாது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. போர்டுத் தேர்வில் பிள்ளை படம் வரைய வேண்டும், கோடு போட வேண்டும். சாமான் இல்லாமல் முடியாது. நீட்டில் வட்டத்தை நிரப்புவதைத் தவிர வேலையில்லை. ஆகவே அங்கே ஒவ்வொரு சாமானும் சோதிப்பவருக்கு வெறும் சந்தேகப் பொருள்தான். பவுச் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பயனில்லை. “உள்ளே எல்லாம் தெரியுதே சார்” என்று வாதாடும் அப்பாக்கள் போர்டுத் தேர்வின் விதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எரிச்சல் மூட்டுவது பவுச் போவதல்ல. அதோடு சேர்ந்து என்ன போகிறது என்பதுதான்.

குழித்துறைப் பக்கத்திலிருந்து பைக்கில் வந்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். மணி பன்னிரண்டேகால். தேர்வு இரண்டு மணிக்கு, கேட் மூடுவது ஒன்றரைக்கு. நேரம் தாராளமாக இருக்கிறது. கோடை மழை வந்தால் நனையக் கூடாது என்று அட்மிட் கார்டு, ஆதார், பாஸ்போர்ட் அளவுப் போட்டோ எல்லாவற்றையும் அந்தப் பவுச்சிலேயே போட்டிருக்கிறார். அதிலேயே இரண்டு பேனாவும் ஸ்கேலும். வரிசையில் அரை மணி நேரம் நின்று சோதனை மேசைக்கு வந்ததும், “இதை வெளிய வச்சுட்டு வாம்மா” என்கிறார்கள். திரும்பி ஓடினால் அப்பா இல்லை. பைக்கை நிழலில் விடப் போயிருக்கிறார். கூப்பிட இவரிடம் போன் கிடையாது. பொருட்களை வைத்துப் பார்த்துக்கொள்ள மையத்தில் ஏற்பாடும் இல்லை. அவசரத்தில் அட்மிட் கார்டையும் ஆதாரையும் உருவிக்கொண்டு பவுச்சை மதில்மேல் வைத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நிற்கிறார். போட்டோ பவுச்சுக்குள்ளேயே இருந்துவிட்டது. மே மாத வெயிலில் பளபளப்பான போட்டோ பிவிசி பவுச்சின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். மற்ற தாள்களை உருவும்போது அது கூட வராது, அவசரக் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. வருகைத்தாளில் ஒட்டப் போட்டோ எங்கே என்று அறையில் கேட்கும்போதுதான் நினைவு வரும். அதற்குள் கேட் சாத்தியாகியிருக்கும்.

பவுச் போனது ஐம்பது ரூபாய் நஷ்டம். மூன்று மணி நேரத் தேர்வைக் கை நடுங்க ஆரம்பிப்பதுதான் உண்மையான நஷ்டம்.

தவிர்க்கும் வழி கடினமில்லை. முதல் நாள் ராத்திரி அந்த வருட அட்மிட் கார்டின் விதிமுறைப் பக்கத்தைப் பார்த்து, அதில் கொண்டுவரச் சொன்னவற்றை மட்டும் மேசைமேல் எடுத்து வையுங்கள். அட்மிட் கார்டு, அதன் படிவத்தில் வீட்டிலேயே ஒட்டிய போஸ்ட்கார்டு அளவுப் போட்டோ, தனியாக ஒரு பாஸ்போர்ட் அளவுப் போட்டோ, அசல் அடையாள அட்டை, தண்ணீர் பாட்டில். மேசையில் வேறு எது வந்தாலும் அது கேட்டில் கழற்றப்படப் போகும் சாமான்.

மழைக்குப் பயந்தால் இவற்றை ஒரு ஃபைலில் போட்டு கேட் வரை கொண்டுவாருங்கள். வரிசையில் சேருமுன் தாள்களை வெளியே எடுத்து எண்ணிவிட்டு ஃபைலை அப்பா அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். போட்டோவைச் சட்டைப் பையில் வைக்கலாம். பை இல்லாத சுடிதார் என்றால் ஆதாரோடு சேர்த்துக் கையில் பிடித்துக்கொள்ளலாம். அட்மிட் கார்டு பிரின்ட் லேசரில் எடுத்ததாக இருக்கட்டும். இங்க்ஜெட் பிரின்ட் நாலு துளி தண்ணீர் பட்டாலே கலையும். நனையாமலிருக்க லேமினேட் செய்கிறவர்களும் உண்டு. தேர்வறையில் கண்காணிப்பாளர் முன்னால் அதில்தான் கையெழுத்துப் போட வேண்டும், பிளாஸ்டிக்மேல் எப்படிப் போடுவது?

இன்னொன்று: ஒன்றரை மணி வரை கூட வந்தவர் எங்கே நிற்பார் என்று இடத்தைக் குறித்துப் பேசிக்கொள்ளுங்கள். “மக்களே, கேட் அடைக்கிற வரைக்கும் நான் இந்த மரத்துக்குக் கீழேதான் நிப்பேன்” என்று சொல்லிவிட்டு நிஜமாகவே நிற்க வேண்டும். நீட் கடந்த சில வருடங்களாக மே முதல் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனரிக் கடை தேடி ஓடுவது வீண் அலைச்சல்.

தெரிகிற மாதிரி இருக்கிற பவுச்

இனி போர்டுத் தேர்வு. கடையில் ‘டிரான்ஸ்பரன்ட்’ என்று விற்பதில் பாதி பனி படர்ந்த கண்ணாடி மாதிரி மங்கலானது. வாங்குமுன் ஒரு செய்தித்தாள் துண்டை உள்ளே வைத்து, ஜிப்பை மூடி, கை நீட்டும் தூரத்தில் பிடியுங்கள். எழுத்தை வாசிக்க முடிந்தால் அது டிரான்ஸ்பரன்ட். நிழல்தான் தெரிகிறது என்றால் கேட்டில் திறந்து கொட்டச் சொல்வார்கள். ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் நீலமாகவும் இருப்பது, முகப்பில் பெரிய கார்ட்டூன் படம் போட்டது, இவற்றுக்கும் அதே கதிதான். பட்டியலில் டிரான்ஸ்பரன்ட் பவுச் அனுமதிக்கப்பட்டாலும், கைப்பை, பவுச் என்று தடைப் பக்கத்திலும் ஒரு வரி இருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவே உங்களைக் காப்பாற்றுவது பிளாஸ்டிக்கின் தெளிவு ஒன்றுதான்.

15 சென்டிமீட்டர் ஸ்கேல் வளையாமல் படுக்கிற நீளம் வேண்டும். காம்பஸ் முனையில் அழிரப்பர்த் துண்டு ஒன்றைக் குத்தி வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் தேர்வுக்குள் பவுச்சில் ஓட்டை விழுந்து, பென்சில் முனைகள் ஒவ்வொன்றாக வழியில் உதிரும்.

ஜாமெட்ரி பாக்ஸின் மூடிக்கு அடியில்

நம் பக்கத்தில் சிலர் இன்ஸ்ட்ருமென்ட் பாக்ஸ் என்பார்கள். தகர டப்பா என்பதற்காகத் தடை எதுவும் இல்லை. தடை அதற்குள் இருக்கும் எழுத்துக்கு. புது டப்பாவில் பெருக்கல் வாய்ப்பாடோ, அளவை மாற்று அட்டவணையோ, சூத்திரங்களோ அச்சடித்த தாள் ஒன்று கம்பெனியே வைத்துத் தருவதுண்டு. சிலவற்றில் அது மூடியின் உட்புறத்திலேயே ஒட்டியிருக்கும். பிள்ளை அதைப் பார்த்தே இருக்காது. ஆனால் அச்சடித்ததோ கையால் எழுதியதோ, எந்தத் தாள் துண்டும் கூடாது என்பதுதான் விதி. தாளை யார் வைத்தது என்று விதி கேட்பதில்லை.

சாமான்களைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் தட்டை முழுவதுமாக வெளியே எடுத்து அதன் அடியைப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் மடித்து வைத்த டைம்டேபிள், பழைய பஸ் டிக்கெட், தோழியின் துண்டுச்சீட்டு எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். மூடியின் உட்புறத்தில் காம்பஸ் முனையால் கீறி வைத்த பெயரும் சூத்திரமும்கூடக் கேள்விக்கு உள்ளாகும். கீறல் அழியாது என்றால் டப்பாவை வீட்டில் விட்டுவிட்டுச் சாமான்களைப் பவுச்சில் போட்டுக்கொண்டு போவது நல்லது.

எழுதும் அட்டையிலும் இதே கோளாறு. இந்திய வரைபடமும் தனிம அட்டவணையும் அச்சடித்த அட்டைகள் கடையில் கிடைக்கின்றன. வெறும் கண்ணாடி பிளாஸ்டிக் அட்டையை வாங்குங்கள்.

லாக் டேபிள்

போர்டுத் தேர்வில் மையத்திலேயே தருவார்கள். கொண்டுபோகாதீர்கள்.

தண்ணீர் பாட்டில்

லேபிளைக் கிழித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கிழித்த இடத்தில் பசையும் வெள்ளைத் தாள் நாரும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டிப் பார்க்க ஒருவர் நேரம் எடுத்துக்கொள்வார். வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கும். பசைமேல் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துணியால் துடைத்து, சோப்பு போட்டுக் கழுவினால் சுத்தமாகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கை விடாதீர்கள். அந்தக் கையோடு ஓஎம்ஆர் தாளைத் தொட்டால் மை பிடிக்காது.

மணி வாரியாக எவ்வளவு குடிக்க வேண்டும் என்று எழுதிய பாட்டில், நீலமோ பச்சையோ சாயமேறிய பாட்டில், இவற்றை ஓரமாக வையுங்கள். பாட்டிலே நிறமில்லாமல் இருந்தாலும் உள்ளே ஊற்றுவது இன்னொரு சிக்கல். நம் மாவட்டத்தில், முக்கியமாக விளவங்கோடு பக்கம், பதிமுகம் போட்டுக் கொதிக்கவைத்த ரோஸ் நிற வெள்ளம் குடிப்பது பல வீடுகளில் வழக்கம். உடம்புக்கு நல்லதாக இருக்கட்டும், கேட்டில் அது கலர் தண்ணீர். சீரக வெள்ளமும் மஞ்சளாகத்தான் தெரியும். அன்றைக்கு ஒரு நாள் வெறும் தண்ணீர். கொதிக்க வைத்தால் நன்றாக ஆறவிட்டு ஊற்றுங்கள். சூடு பட்டால் கடைத் தண்ணீர் பாட்டில் சுருங்கிக் கோணிவிடும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக்கொண்டு போவதும் வேண்டாம். நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், குளிர்ந்த பாட்டில் ஐந்து நிமிடத்தில் வியர்த்துவிடும். மேசையில் வழியும் அந்தத் தண்ணீர் நேரே ஓஎம்ஆர் தாளுக்குப் போகும். எந்தத் தண்ணீராக இருந்தாலும் பாட்டிலைக் காலுக்கு அருகில் தரையில் வையுங்கள், மேசையில் வேண்டாம்.

ஸ்டீல், செம்பு பாட்டில்

வீட்டிலேயே இருக்கட்டும்.

சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகள்

நீட்டில் சர்க்கரை மாத்திரையும் வாழைப்பழம், ஆப்பிள், ஆரஞ்சு மாதிரிப் பழங்களும் கொண்டுபோகலாம். சாக்லேட், சாண்ட்விச் போன்ற பொட்டலச் சாமான் கூடாது. மாத்திரையை டப்பாவில் போடாமல், பெயர் அச்சடித்த அதன் அட்டையோடு கொண்டுபோங்கள். வாழைப்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்; அதற்காகத் திரும்பவும் ஒரு பிளாஸ்டிக் பவுச் வேண்டாம்.