ஜிம்முக்குப் போகும் மகன்: வீட்டார் எங்கே தவறுகிறார்கள்?

பிளஸ் ஒன் படிக்கும் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். வயது 16, உயரம் 171 செ.மீ., எடை 60 கிலோ. வகுப்பில் அவனுக்கு ‘ஓமக்குச்சி’ என்று பட்டப்பெயர். கோடை விடுமுறையில் பக்கத்துத் தெரு ஜிம்மில் சேர்கிறான். முதல் மூன்று மாதம் வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. நன்றாகப் பசிக்கிறது, பத்து மணிக்கெல்லாம் தூங்கிவிடுகிறான். ஆறாம் மாதம் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு வர மறுக்கிறான். கேட்டால் அன்று ‘லெக் டே’ என்கிறான். பள்ளிச் சட்டைக்குள் இரண்டு பனியன் போடுகிறான். எடை 53 கிலோ. “இன்னும் கை குச்சியாத்தான் இருக்கா?” என்று அம்மாவிடம் ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்கிறான்.

இந்த ஆறு மாதத்தில் எந்த நாளில் ஆர்வம் நோயாக மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மாறியதற்கான தடயங்கள் தெரியும். பெரும்பாலான வீடுகளில் அவை கண்ணில் படாமல் போவதற்குச் சில வழக்கமான தவறுகள்தான் காரணம்.

ஜிம்மில் செலவாகும் நேரத்தை எண்ணுவது

“ரெண்டு மணி நேரமா ஜிம்லயே கிடக்கான்” என்பதுதான் முதல் புகாராக வரும். அந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது. மாவட்ட அளவில் கபடி ஆடும் பையனும் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்கிறான். மழை பெய்து பயிற்சி ரத்தானால் நண்பர்களோடு டீ குடிக்கப் போய்விடுவான். பார்க்க வேண்டியது அதைத்தான். ஒரு நாள் ஜிம் தவறினால் என்ன நடக்கிறது? எரிச்சல், பதற்றம், அன்றைய சாப்பாட்டைக் குறைப்பது, நள்ளிரவில் அறையைப் பூட்டிக்கொண்டு தண்டால் எடுப்பது என்று போனால் கவலைப்பட வேண்டும். தோள்பட்டை வலிக்கு மாத்திரை போட்டுவிட்டு அதே தோளில் எடை தூக்குவதும் இதே வகை.

அடுத்து, எதையெல்லாம் கைவிட்டான் என்று பார்க்க வேண்டும். உறவினர் வீட்டு விசேஷம், ஆற்றுக் குளியல், நண்பர்களோடு பரோட்டாக் கடை, சட்டை மாற்ற வேண்டிய பி.டி. பீரியட். இவை ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தால், ஜிம்மில் அரை மணி நேரம்தான் இருக்கிறான் என்றாலும் நிலைமை சரியில்லை. மருத்துவர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: உடம்பைப் பற்றிய நினைப்பு ஒரு நாளில் எவ்வளவு நேரத்தை எடுத்துக்கொள்கிறது? கண்ணாடி, செல்ஃபி, கையை டேப் வைத்து அளப்பது, மனதுக்குள் மற்றவர்களோடு ஒப்பிடுவது எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். நோய் முற்றியவர்களுக்கு இது பல மணி நேரம் ஓடும்.

இந்த நிலைக்கு மசில் டிஸ்மார்ஃபியா என்று பெயர். 1990களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் அவருடைய குழுவினரும் பாடிபில்டர்களிடம் இதைக் கண்டு விவரித்தார்கள். கட்டுமஸ்தான உடம்பு இருந்தும் அவர்கள் தங்களை நோஞ்சான் என்றே நம்பினார்கள். ஒல்லியாக இருந்தும் குண்டு என்று நம்பிப் பட்டினி கிடக்கும் நோய் அனோரெக்ஸியா என்பதால், முதலில் இதைத் தலைகீழான அனோரெக்ஸியா என்றார்கள். 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநலக் கையேடு, உடல் தோற்றக் குறைபாட்டு நோயின் ஒரு வகையாக இதைச் சேர்த்தது. ஆகவே இது வயசுக்கோளாறு என்று தள்ளிவிடக்கூடியதும் இல்லை, திமிரும் இல்லை.

“நல்லாத்தானேடா இருக்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பது

இதைத் தவறு என்றால் அம்மாக்களுக்குக் கோபம் வரும். ஆனால் பத்து முறை கேட்டு, பத்து முறையும் ஆறுதல் கிடைத்தால் பதினொன்றாவது முறையும் கேட்பான். அந்த ஆறுதல் சில நிமிடம்தான் தாங்கும். பிறகு சந்தேகம் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பி வரும். கண்ணாடியைப் பார்ப்பது போலவே, கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வதும் இந்த நோயின் ஒரு செய்கை. அதற்குப் பதில் சொல்லும்போது நாமே அந்தக் கண்ணாடியாகிவிடுகிறோம்.

அளவைப் பற்றிப் பேசாமல் அவன் படும் பாட்டைப் பற்றிப் பேசலாம். “கையப் பத்தி நான் எதும் சொல்லப் போறதில்லப்பா. ஆனா இத நெனச்சு நெனச்சு நீ ரொம்பக் கஷ்டப்படுற, அது எனக்குத் தெரியுது” என்பது போதும். கூடவே வீட்டில் மற்றவர்களின் உடம்பைப் பற்றிய பேச்சும் நிற்க வேண்டும். “என்னடா இளைச்சுட்ட”, “அவன் மாதிரி சதை போடு” என்று விசாரிக்கும் சித்தப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

மார்பு வீக்கத்தை மட்டும் இதிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். பருவ வயதில் பாதிக்கும் மேற்பட்ட பையன்களுக்கு மார்க்காம்புக்கு அடியில் கட்டி போல வந்து வலிக்கும். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானே அடங்கும். இது தெரியாமல், கொழுப்பு என்று நினைத்துப் பட்டினி கிடப்பவர்கள் உண்டு. ஒருமுறை மருத்துவரிடம் காட்டினால் அந்தப் பயம் போய்விடும்.

ஒழுக்கமாகச் சாப்பிடுகிறான் என்று பெருமைப்படுவது

நம் பையன் 60இலிருந்து 53 கிலோவுக்கு வந்தது, கொழுப்பைக் கரைக்கும் ‘கட்டிங்’ என்ற பெயரில். சோறு நின்றது, பிறகு எண்ணெய், பிறகு உப்பு. ஆறு வேளை, மணி பார்த்து வேகவைத்த கோழி. வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜங்க் ஃபுட் சாப்பிடுவதில்லையே! பையன்களின் உணவுக் கோளாறு இப்படித்தான் ஆரோக்கியத்தின் வேஷத்தில் வரும். உணவை எடை போடாமல் சாப்பிட முடியாது என்பதும், கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பயப்படுவதும் அதன் அடையாளங்கள்.

171 செ.மீ. உயரத்துக்கு 53 கிலோ என்றால் பி.எம்.ஐ. 18 வருகிறது. அந்த வயதுக்கு அது மோசமான எண்ணாகத் தெரியாது. அதனால்தான் எண்ணை மட்டும் பார்த்து, “நார்மல்தான்” என்று அனுப்பிவிடுகிறார்கள். வளரும் வயதில் எடை கூட வேண்டும். ஏழு கிலோ குறைந்ததுதான் இங்கே செய்தி. படுக்கவைத்து நாடி பார்த்தால் நிமிடத்துக்கு 46 என்று வைத்துக்கொள்வோம். பகலில் விழித்திருக்கும் பருவ வயதினருக்கு நாடி 50க்குக் கீழே போனால் மருத்துவமனையில் சேர்ப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்பது உணவுக் கோளாறு மருத்துவத்தில் ஏற்கப்பட்ட வரையறை. “அத்லெட் இதயம், மெதுவாகத்தான் துடிக்கும்” என்று சமாதானம் சொல்லக்கூடாது. எடை இழப்பும், எழுந்தால் தலைசுற்றலும், கை கால் குளிர்வதும் சேர்ந்திருந்தால் அது பட்டினியால் அடங்கிப்போன இதயம்.

பவுடரோடு சண்டை போட்டுவிட்டு ஊசியைத் தவறவிடுவது

வே புரோட்டீன் டப்பாவைப் பார்த்ததும் வீடு அலறும். அது பாலிலிருந்து எடுத்த புரதம். ஒரு ஸ்கூப்பில் ஏறக்குறைய 24 கிராம். போலி டப்பாக்களும் கலப்படமும் உண்டு என்பதால் அது தேவையா என்று கேட்பது நியாயம்தான். எடைப் பயிற்சி செய்யும் 60 கிலோ பையனுக்கு, கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் என்று வைத்தால் நாளொன்றுக்கு 72 முதல் 96 கிராம் வேண்டும். நான்கு இட்லியில் 8, இரண்டு முட்டையில் 12, இரண்டு டம்ளர் பாலில் 12, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12, சமைத்த கோழி நூறு கிராமில் 25, சோறும் தயிருமாக 13. கூட்டினால் 82. டப்பா இல்லாமலே கணக்கு முடிந்தது. இதை அவனோடு உட்கார்ந்து காகிதத்தில் போட்டுக் காட்டினால் சண்டையே வராது.

உண்மையான ஆபத்து வேறு. தசையை வளர்க்க எடுக்கும், ஆண் ஹார்மோன் போன்ற அனபாலிக் ஸ்டீராய்டு, பருவ வயதில் எலும்பின் வளர்ச்சித் தட்டுகளை முன்கூட்டியே மூடிவிடும். உயரம் அத்தோடு நின்றுபோகும். வெளியிலிருந்து ஹார்மோன் வருவதால் விரைகள் தங்கள் வேலையை நிறுத்திச் சுருங்கும். முதுகிலும் தோளிலும் திடீரென்று கொத்துக் கொத்தாகப் பரு, முகம் உப்புவது, மார்பு வீங்கி வலிப்பது, காரணமில்லாத ஆத்திரம், இரண்டு மாதத்தில் ஏழெட்டு கிலோ கூடுவது ஆகியவை சேர்ந்து வந்தால் கேட்டே ஆக வேண்டும். புதிதாகப் பயிற்சி தொடங்கும் பையனுக்கு மாதம் ஒரு கிலோ தசை ஏறுவதே நல்ல வேகம்.

மெஃபென்டர்மின் ஊசியும் ஜிம் வட்டாரங்களில் புழங்குகிறது. மயக்க மருந்து கொடுக்கும்போது இறங்கும் ரத்த அழுத்தத்தைத் தூக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் மருந்து அது. ஒரு கிராம் தசையும் அதனால் வளராது. களைப்புத் தெரியாமல் விறைப்பாக நிற்க வைக்கும், அவ்வளவுதான். படபடப்பும் அடிமைத்தனமும் சிலருக்கு யாரோ துரத்துவது போன்ற மனப்பிரமையும் வரும். பயிற்சிக்கு முன் குடிக்கும் ‘ப்ரீ வொர்க்அவுட்’ பொடிகளில் ஒரு ஸ்கூப்புக்கு 200 மி.கி.க்கு மேலும் கஃபீன் இருக்கும். இந்த வயதில் ஒரு நாளைக்கு 100 மி.கி. தாண்டக்கூடாது என்பது பொதுவான மருத்துவ அறிவுரை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்துவது

ஜிம் கார்டை வாங்கிக் கிழித்து, டம்பெல்லைப் பரண்மேல் போடும் அப்பாவின் கோபம் புரிகிறது. ஆனால் அதோடு பயிற்சி நிற்காது, மறைவுக்குப் போகும். ஸ்டீராய்டு எடுத்திருந்தால் இன்னும் சிக்கல். உடம்பின் சொந்தச் சுரப்பு அடங்கிக் கிடக்கும் நேரத்தில் ஊசி நின்றால் சில வாரங்களில் கடும் சோர்வும் மனச்சோர்வும் வரலாம், தற்கொலை எண்ணமும் எழலாம். எதை, எவ்வளவு, எத்தனை வாரம் எடுத்தான் என்று திட்டாமல் கேட்டுக் குறித்துக்கொண்டு ஹார்மோன் மருத்துவரிடம் போவதுதான் வழி.

நாடி 50க்குக் கீழே இருந்தால், மயங்கி விழுந்தால், கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாவைப் பற்றிப் பேசினாலும் அன்றே போக வேண்டும். அந்த நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. மற்றபடி முதலில் குழந்தை நல அல்லது பொது மருத்துவர், பிறகு மனநல மருத்துவர். ரத்தப் பரிசோதனைக்கு முன் ஒரு வாரமாவது எடை தூக்காமல் இருக்கச் சொல்லுங்கள், கூடவே ஜிம்முக்குப் போவதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கடும் பயிற்சியில் தசையிலிருந்தும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் கசியும்; அதைக் கல்லீரல் நோய் என்று எண்ணி வீண் அலைச்சல் வந்துவிடும்.

நம் பையனுக்கு முதல் வேலை எடையை மீட்பது. நாடி சீராகும்வரை ஜிம் இல்லை. அது தண்டனை இல்லை என்பதை மருத்துவரே அவனிடம் சொல்ல வேண்டும். உடன் வருவது சி.பி.டி. எனப்படும் பேச்சுச் சிகிச்சை, தேவைப்பட்டால் ஃப்ளுவாக்செடின் போன்ற மாத்திரை. சிகிச்சையின் வீட்டுப்பாடங்கள் சின்னதாகத்தான் தொடங்கும். முதல் வாரம் கையளக்கும் டேப்பை அம்மாவிடம் கொடுப்பது. அடுத்தது ஒரு பனியனைக் கழற்றிவிட்டுப் பள்ளிக்குப் போவது. அதன் பிறகு நண்பர்களோடு, எடை போடாத ஒரு தட்டு பரோட்டா. ஜிம்முக்குத் திரும்பும்போது வாரம் மூன்று நாள், முக்கால் மணி நேரம், இடையில் ஒரு நாளை வேண்டுமென்றே தவறவிட வேண்டும். அந்த நாளின் பதற்றம் வாரா வாரம் எவ்வளவு இறங்குகிறது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு அவனே எழுதிவருவான். எட்டில் தொடங்கிய எண் மூன்றுக்கு வரச் சில மாதம் பிடிக்கலாம்.