அவசர மீட்டிங் அழைப்பு: ஆட்களைப் பதறவைக்காமல் எழுதுவது எப்படி

புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் "மிக முக்கியம், 11 மணிக்கு எல்லோரும் வரவும்" என்று மட்டும் எழுதி ஓர் அழைப்பு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் மூன்று பேர் என் மேசைக்கு வந்து, ஆட்குறைப்பா என்று கேட்டார்கள். கெட்ட செய்தியைவிட, என்னவென்று சொல்லாத செய்திக்குத்தான் ஆட்கள் பயப்படுவார்கள்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். வெள்ளிக்கிழமை காலை, உங்கள் கம்பனியின் கட்டண சிஸ்டத்தைப் பாவிக்கும், காலி நகரில் இருக்கும் ஒரு ஹோட்டல் உங்கள் டைரக்டருக்கே மெயில் போட்டிருக்கிறது. விருந்தினர்களின் கார்டில் இரண்டு தடவை காசு வெட்டுப்பட்டிருக்கிறது, சப்போர்ட்டுக்கு அனுப்பிய இரண்டு மெயிலுக்கும் பதில் இல்லை.

முதலில் எத்தனை பேர், இன்னும் நடக்கிறதா என்று கேட்டறியுங்கள். இன்னும் நடக்கிறதென்றால் மீட்டிங்கை விடுங்கள், சிஸ்டம் பார்ப்பவருக்கு நேரே கோல் எடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். நின்ற பிறகு அழைப்பை எழுதலாம்.

தலைப்பில் "அவசரம்!!!" வேண்டாம், நேரமே அவசரத்தைச் சொல்லிவிடும்: "இன்று 11.00, காலி ஹோட்டல் இரட்டைக் கட்டணப் புகார், 30 நிமிடம்".

உள்ளே இப்படி:

"வணக்கம். நேற்றிரவு விருந்தினர் 14 பேரிடம் இரண்டு தடவை பணம் அறவிடப்பட்டிருக்கிறது. காலை 8.30க்குக் கார்டுக் கட்டணத்தை நிறுத்திவிட்டோம், அதன் பிறகு புதிதாக எதுவும் இல்லை. காரணம் இன்னும் தெரியவில்லை. வாடிக்கையாளருக்குப் பிற்பகல் 3 மணிக்குள் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். பணத்தை எப்போது திருப்புவது, அவர்களோடு யார் பேசுவது, இரண்டையும் முடிவு செய்ய வேண்டும். கணக்குப் பிரிவு 14 பேரின் பட்டியலோடு வரவும். வர முடியாதவர்கள் 10.30க்குள் எனக்குச் சொல்லவும்."

நம் அலுவலகங்களில் இது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும், பொருள் இதுவாக இருந்தால் சரி.

"காரணம் இன்னும் தெரியவில்லை" என்ற வரியைப் புதியவர்கள் வெட்கப்பட்டு எடுத்துவிட்டு, "சர்வர் பிழையாக இருக்கலாம்" என்று ஓர் ஊகத்தைப் போடுவார்கள், அது யாரோ ஃபார்வர்ட் பண்ணி மதியத்துக்குள் ஹோட்டல்காரரிடம் போய், நாளை அது பிழையென்றால் இரண்டாவது புகாராகத் திரும்பி வரும். அதே காரணத்துக்காக யாருடைய பெயரையும் குற்றம் சாட்டும் தொனியில் எழுத வேண்டாம்.

பணம் திருப்ப ஒப்புதல் தரக்கூடியவர், சிஸ்டம் தெரிந்தவர், அந்த இரண்டு மெயிலும் யாரிடம் போனதோ அவர், கணக்குப் பிரிவில் ஒருவர், இவ்வளவு போதும். இருபது பேரைச் சேர்த்தால் அதுவே பீதி. வெள்ளிக்கிழமையாதலால் 12 மணிக்கு வைக்காதீர்கள், ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் பாதியில் எழும்ப வேண்டி வரும்.

அனுப்புவதற்கு முன் இரண்டு கோல். டைரக்டருக்கு ஒன்று, 3 மணி வாக்கு அவருக்கும் தெரியட்டும். மற்றது சப்போர்ட் பையனுக்கு: "தம்பி, உங்களில் பிழை பிடிக்க இல்ல இந்த மீட்டிங். அந்த ரெண்டு மெயிலும் எப்ப வந்ததென்று பார்த்து எடுத்துக்கொண்டு வாங்க."